ஆறு கீழே போகப் போக வேகம் குறைகிறதா?

மலையில் ஓடும் ஓடை வேகமானதா, சமவெளியில் ஓடும் ஆறு வேகமானதா? யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் ஓடை என்றுதான் சொல்வார்கள். பாபநாசத்துக்கு மேலே பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் தாமிரபரணியையும், சேரன்மகாதேவிக்குக் கீழே அகன்று அமைதியாக நகரும் அதே ஆற்றையும் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. மலையில் சரிவு அதிகம், சமவெளியில் குறைவு. சரிவு குறைந்தால் வேகமும் குறைய வேண்டும் என்பது நியாயமாகவே தோன்றுகிறது.

ஆனால் ஆறுகளை அளந்தவர்கள் கண்டது இதற்கு நேர்மாறானது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த லூனா லியோபோல்டும் தாமஸ் மேடாக்கும் பல நீரளவை நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த பதிவுகளைத் தொகுத்து 1953-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆறு கீழே போகப் போக அகலமும் ஆழமும் கூடுகின்றன என்பதில் யாருக்கும் வியப்பில்லை. சராசரி வேகமும் குறையாமல், மெல்லக் கூடிக்கொண்டே போகிறது என்பதுதான் வியப்பு. இந்த முடிவை உங்கள் ஊர் ஆற்றில் நீங்களே சோதிக்கலாம். அகலம், ஆழம், வேகம், கூழாங்கல்லின் அளவு என்ற நான்கையும் ஆற்றின் போக்கில் பல இடங்களில் அளந்தால் போதும். ஆனால் அளக்கும் முறையைச் சரியாகத் திட்டமிடாவிட்டால், உங்கள் எண்கள் பழைய தவறான எண்ணத்தையே உறுதிப்படுத்திவிடும். அது எப்படி நேர்கிறது, எப்படித் தவிர்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கண் எங்கே ஏமாறுகிறது என்று பார்ப்போம். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் அவசரமாகப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி கிடைத்த இடத்தில் பாய்ந்து ஓடுவார். அடுத்த அடியில் யார் மீதோ இடித்து நிற்பார், பக்கவாட்டில் ஒதுங்குவார், சில சமயம் பின்னாலும் தள்ளப்படுவார். பார்க்கிறவருக்கு அவர் பறப்பது போலத் தெரியும். ஆனால் வெறுந்தெருவில் நிதானமாக நடந்துவந்தவர் அவருக்கு முன்பே கோயிலைச் சேர்ந்திருப்பார். மலை ஓடையில் நீருக்கு நேர்வதும் இதுதான். இரண்டு பாறைகளுக்கு நடுவே சீறும் நீர்தான் நம் கண்ணில் படுகிறது. பாறைகளுக்குப் பின்னால் சுழன்று நிற்கும் நீரும், அடியில் கற்களோடு உரசித் தேங்கும் நீரும் கண்ணில் படுவதில்லை. நமக்கு வேண்டியது, ஒரு குறுக்குவெட்டு வழியாகப் போகும் எல்லா நீருக்குமான சராசரி வேகம்.

சரிவு குறைந்தும் அந்தச் சராசரி ஏன் கூடுகிறது? ஆழமில்லாத நீரில் பெரும்பகுதி படுகையை ஒட்டியே ஓடுவதால் உராய்வு அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஆறு ஆழமாக ஆக, படுகையைத் தொடாமல் போகும் நீரின் பங்கு கூடுகிறது. படுகையும் மாறுகிறது. மேலே முழங்கால் உயரக் குண்டுக்கற்கள் கிடந்த இடத்தில், கீழே உள்ளங்கையில் அடங்கும் கூழாங்கற்கள், அதற்கும் கீழே மணல். இருபது சென்டிமீட்டர் நீரில் இருபது சென்டிமீட்டர் கல் கிடந்தால் அது ஓட்டத்தையே மறிக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் மூன்று சென்டிமீட்டர் கல் கிடந்தால் மேலே போகும் நீர் அதைப் பொருட்படுத்தாது. கல்லின் அளவுக்கும் நீரின் ஆழத்துக்கும் உள்ள இந்த விகிதத்தைச் 'சார்புச் சொரசொரப்பு' என்று சொல்லலாம். நான்கு அளவுகளில் கூழாங்கல் ஏன் இடம்பெறுகிறது என்பதற்கு இதுவே பதில். வேகம் ஏன் அப்படி மாறியது என்பதைச் சொல்லும் சாட்சி கூழாங்கல்தான்.

இனி திட்டமிடலுக்கு வருவோம். லியோபோல்டும் மேடாக்கும் கண்டதில் நம் வேலைக்கு மிகவும் பயன்படுவது, எது எவ்வளவு மாறும் என்ற கணக்கு. ஓரிடத்தைக் கடந்து விநாடிக்கு எவ்வளவு நீர் போகிறது என்பதை நீரோட்ட அளவு என்போம். அணையிலிருந்து இத்தனை கன அடி நீர் திறப்பு என்று செய்தித்தாளில் வருவது இதுதான். அகலத்தையும் சராசரி ஆழத்தையும் சராசரி வேகத்தையும் பெருக்கினால் இது கிடைத்துவிடும். கிளையாறுகள் சேர்ந்து நீரோட்ட அளவு பத்து மடங்கானால், அவர்கள் கண்ட சராசரிப் போக்கின்படி அகலம் சுமார் 3.2 மடங்காகும், ஆழம் சுமார் 2.5 மடங்காகும், வேகமோ 1.26 மடங்குதான் ஆகும். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், பத்து வரும்.

இந்த மூன்று எண்களும் நம் உழைப்பை எங்கே செலவிட வேண்டும் என்று சொல்லிவிடுகின்றன. அகலம் மூன்று மடங்காக மாறுவதைப் பிடிக்கச் சாதாரண அளவு நாடா போதும். அரை மீட்டர் தவறினாலும் முடிவு மாறாது. ஆழத்துக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். வேகத்திலோ நாம் தேடும் மாற்றமே கால் பங்குதான். நம் அளவையில் கால் பங்கு பிழை இருந்தால் அந்த மாற்றம் பிழைக்குள் மூழ்கிவிடும். பெரும்பாலான மாணவர் குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாடாவை இழுத்துப் பிடித்து அகலத்தைச் சென்டிமீட்டர் சுத்தமாக எழுதுகிறார்கள். வேகத்துக்கு ஒரு பந்தை ஒரு முறை மிதக்கவிட்டு முடித்துவிடுகிறார்கள்.

அடுத்தது இடத் தேர்வு. எத்தனை இடங்கள் வேண்டும்? மூன்று இடங்களில் மட்டும் அளந்து, கூழாங்கல் வரிசையாகச் சிறுத்துக்கொண்டு போவதைக் கண்டால் அதை நம்பலாமா? மூன்று எண்களை ஆறு விதமாக அடுக்கலாம். அதில் ஒன்று இறங்குவரிசை. ஆற்றுக்கும் கல்லுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், ஆறில் ஒரு முறை தற்செயலாகவே இப்படி அமைந்துவிடும். ஐந்து இடங்களானால் அந்த வாய்ப்பு நூற்றிருபதில் ஒன்றாகக் குறைந்துவிடும். உண்மையான ஆற்றில் எப்படியும் ஓரிரு இடங்கள் வரிசை தவறும் என்பதால், எட்டு முதல் பத்து இடங்கள் வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணிக்கையை விட முக்கியம், எல்லா இடங்களும் ஒரே இனமாக இருப்பது. கல் படுகை ஆறு எங்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஆழம் குறைந்து கற்களின் மேல் சலசலத்து ஓடும் இடமும், ஆழமான மடுவும் மாறி மாறி வரும். சலசலக்கும் இடத்தைப் பரல்மேடு என்று வைத்துக்கொள்வோம். பரல்மேட்டில் நீர் விரைவாகவும் கற்கள் பெரிதாகவும் இருக்கும். நீர் குறைவான நாட்களில் மடு மந்தமாக இருக்கும், அடியில் மணலும் வண்டலும் படிந்திருக்கும். மேலே பரல்மேட்டையும் கீழே மடுவையும் அளந்தால், வேகமும் குறைந்திருக்கும், கல்லும் சிறுத்திருக்கும். ஆனால் அது ஆறு கீழ்நோக்கி மாறியதால் வந்த மாற்றமாக இருக்காது. அதே மாற்றம் ஐம்பது அடி தூரத்துக்குள்ளேயே கிடைத்திருக்கும். எனவே எல்லா இடங்களிலும் பரல்மேட்டையே, அதுவும் வளைவில்லாத நேரான பகுதியில், தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் சில மீட்டர் இடைவெளியில் மூன்று குறுக்குவெட்டுகள் அளக்க வேண்டும். ஓரிடத்துக்குள்ளேயே மூன்றும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று தெரிந்தால்தான், இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதா என்று சொல்ல முடியும்.

இடங்களை வரைபடத்தில் சம தூரத்தில் குறிப்பதும் சரியான வழியல்ல. ஆறு தூரத்தால் பெருப்பதில்லை, கிளையாறுகளால் பெருக்கிறது. ஒவ்வொரு சங்கமத்துக்கும் மேலே ஓரிடமும், இரண்டு நீரும் நன்றாகக் கலந்த பிறகு கீழே ஓரிடமும் வைத்து, முடிந்தால் கிளையாற்றையும் அளந்துவிட வேண்டும். மேலேயுள்ள ஆற்றின் நீரோட்ட அளவையும் கிளையாற்றின் அளவையும் கூட்டினால் கீழேயுள்ள அளவு வர வேண்டும். கணிசமாக வேறுபட்டால் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள். உங்கள் அளவையை உங்களுக்கே சரிபார்த்துக் கொடுக்கும் இந்த வரவு செலவுக் கணக்கைத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் இதைச் சேர்க்க முடியாது.

தாமிரபரணியில் இந்தக் கணக்கு எதைக் காட்டும்? பொதிகை மலையில் பிறந்து சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு என்று வரிசையாகக் கிளையாறுகளைச் சேர்த்துக்கொண்டு வரும் ஆறு அது. லியோபோல்டின் கணக்குப்படி கீழே போகப் போகப் பெருத்திருக்க வேண்டும். ஆனால் அதன் குறுக்கே ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய்கள் வயலுக்கு நீரைப் பிரித்துக்கொண்டு போகின்றன. பாசனக் காலத்தில் ஓர் அணைக்கட்டுக்குக் கீழே இருக்கும் நீர், அதற்கு மேலே இருந்ததை விடக் குறைவாகவே இருக்கும். அங்கே வேகம் குறைந்திருந்தால் அது லியோபோல்டின் முடிவை மறுக்காது. நீரோட்ட அளவு கூடும்போது வேகம் கூடுகிறது என்பதுதான் அவர் சொன்னது, நீரோட்டமே குறைந்துவிட்ட இடத்தைப் பற்றி அல்ல. எனவே இப்படிப்பட்ட ஆற்றில் வரைபடத்தாளின் கிடை அச்சில் தூரத்தைப் போடக் கூடாது, நீரோட்ட அளவைப் போட வேண்டும். அணைக்கட்டுக்கு மேலே நீர் தேங்கி நிற்கும் பகுதியையும், அதைத் தாண்டி நீர் விழுந்து படுகையை அரிக்கும் பகுதியையும் முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

மேலே உள்ள நீர்த்தேக்கங்களால் இன்னொரு சிக்கலும் வருகிறது. பாபநாசத்தில் மின் உற்பத்திக்குத் திறக்கும் நீர் கூடும்போதும் குறையும்போதும் கீழே நீர்மட்டம் மாறும். காலையில் ஓரிடத்தையும் மாலையில் இன்னோரிடத்தையும் அளந்தால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு இடங்களையா, இரண்டு நேரங்களையா என்றே தெரியாது. இதற்கு எளிய காவல் ஒன்று உண்டு. ஒவ்வோர் இடத்திலும் வேலை தொடங்கும்போது நீர்விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி நீர்மட்டத்தைக் குறித்துவிட வேண்டும். முடிக்கும்போது மறுபடி பார்த்து, மட்டம் மாறியிருந்தால் அந்த அளவுகளைத் தள்ளிவிட வேண்டும். எண்களைக் காப்பது போலவே இது ஆட்களையும் காக்கும். நீர் ஏறத் தொடங்கினால் உடனே கரையேற வேண்டும். ஆற்றில் இறங்கலாமா என்று முடிவு செய்ய ஒரு பொதுவான அளவுகோல் இருக்கிறது. ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை விநாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்குங்கள். அந்த எண் ஒன்றை நெருங்கினால் பெரியவர்களே இறங்கக் கூடாது. வழுக்கும் கல் படுகையிலும் மாணவர்கள் இறங்கும் இடத்திலும் அதில் பாதியை எல்லையாக வைக்க வேண்டும். மலைப்பகுதி புலிகள் காப்பகத்துக்குள் வருவதால், அங்கே அளக்க வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

இப்போது ஒரு குறுக்குவெட்டை அளந்து பார்ப்போம். ஒரு மலையடிவார ஓடை, அகலம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடாவை ஓட்டத்துக்குச் செங்குத்தாக, தொய்வில்லாமல், நீருக்குச் சற்று மேலே இரு கரைகளிலும் கட்டுகிறோம். ஒருவர் அளவுகோலோடு இறங்கி ஒவ்வொரு மீட்டரிலும் ஆழம் பார்க்கிறார். கோலின் தட்டையான முகம் ஓட்டத்தை எதிர்கொண்டால் நீர் அதில் மோதி ஏறி, ஆழத்தைக் கூட்டிக் காட்டும். எனவே மெல்லிய விளிம்பைத்தான் ஓட்டத்துக்குக் காட்ட வேண்டும். கிடைத்த ஆழங்கள் 12, 25, 34, 28, 15 சென்டிமீட்டர். இந்த ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். பலரும் இதை எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் இரு கரைகளிலும் ஆழம் பூஜ்யம் என்பதை அந்தச் சராசரி மறந்துவிட்டது. குறுக்குவெட்டை ஒரு மீட்டர் அகலமுள்ள ஆறு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் இரு ஓர ஆழங்களையும் சராசரி எடுத்துப் பரப்பைக் கூட்டினால் 1.14 சதுர மீட்டர் வரும். அதை 6-ஆல் வகுத்தால் உண்மையான சராசரி ஆழம் 19 சென்டிமீட்டர். முன்பு வந்தது இதைவிட 20 விழுக்காடு அதிகம். இந்தப் பிழை எல்லா இடங்களிலும் ஒரே அளவில் வந்தாலாவது ஒப்பிடும்போது அடிபட்டுப் போகும். ஆனால் இருபது இடங்களில் ஆழம் பார்க்கும் அகன்ற ஆற்றில் கரையோரப் பூஜ்யத்தின் செல்வாக்கு மிகச் சிறியது. எனவே குறுகிய ஓடையின் ஆழம் மட்டும் பெரிதாக ஊதிக் காட்டப்படும்.

அடுத்தது வேகம். பத்து மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொண்டு, மேலிருந்து ஒரு மிதவையை விட்டு ஸ்டாப் வாட்சில் நேரம் பார்ப்பது எளிய முறை. பிங்பாங் பந்து இதற்கு ஆகாது, காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்து மிதக்கும் ஆரஞ்சுப் பழம் நல்லது. பழத்தை முதல் கோட்டுக்குச் சில மீட்டர் மேலேயே போட்டுவிட வேண்டும். அது கோட்டைக் கடக்கும்போது நீரின் வேகத்தை அடைந்திருக்கும். நம் ஓடையில் நடுவில் விட்ட பழம் 20 விநாடியில் வந்தது, அதாவது விநாடிக்கு அரை மீட்டர். இரு ஓரங்களிலும் விட்டவை 40 விநாடி எடுத்துக்கொண்டன, அதாவது விநாடிக்கு கால் மீட்டர். நடுவில் மட்டும் அளந்திருந்தால் அரை மீட்டர் என்று எழுதியிருப்போம். பட்டைகளின் பரப்புக்கு ஏற்பப் பங்கிட்டுச் சராசரி எடுத்தால், மேற்பரப்பு வேகம் 0.38 மீட்டர்தான் வருகிறது.

இதுவும் மேற்பரப்பின் வேகம்தான். அடியில் நீர் இன்னும் மெதுவாக ஓடுகிறது. மேற்பரப்பு வேகத்தை முழு ஆழத்தின் சராசரியாக மாற்ற 0.85-ஆல் பெருக்குவது வழக்கம். ஓரளவு ஆழமான, வழவழப்பான படுகைக்கு அது பொருந்தும். கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஆழமற்ற ஓடையில் அடியிலுள்ள நீர் பெரிதும் தடைபடுவதால், இந்த எண் 0.7-ஐயோ அதற்கும் கீழேயோ தொடும். நம் ஓடைக்கு 0.85 போட்டால் சராசரி வேகம் 0.33 மீட்டர், 0.7 போட்டால் 0.27 மீட்டர். இரண்டுக்கும் இடையே ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருக்கிறது. பத்து மடங்கு பெரிய ஆற்றில் நாம் எதிர்பார்க்கும் வேக மாற்றமே கால் பங்குதான் என்பதை நினைவில் வையுங்கள். எல்லா இடத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு 0.85 போட்டால், மலை ஓடையின் வேகம் மட்டும் கூடிக் காட்டப்பட்டு, தேடிவந்த மாற்றம் ஏறக்குறைய முழுவதும் மறைந்துபோகும். கண் செய்த அதே தவறை இங்கே கணக்கும் செய்கிறது.

இதிலிருந்து தப்ப இரண்டு வழிகள் உண்டு. சிறு சுழலி பொருத்திய நீரோட்டமானி கிடைத்தால், அதை நீர்மட்டத்திலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கு கீழே பிடித்து அளக்கலாம். மேலே வேகமாகவும் அடியில் மெதுவாகவும் ஓடும் நீரில், அந்த ஆழத்தில் ஓடுவதுதான் மொத்தச் சராசரிக்கு மிக நெருக்கமாக இருக்கும் என்று பலமுறை அளந்து கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பட்டையிலும் இப்படி அளந்தால் பழமும் வேண்டாம், பெருக்கும் எண்ணும் வேண்டாம். கருவி ஓரிரு இடங்களுக்கு மட்டுமே கிடைக்குமென்றால், அங்கே பழத்தையும் கருவியையும் சேர்த்தே பயன்படுத்தி, அந்தப் படுகைக்குரிய எண்ணை நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி உப்புக் கரைசல். எடை தெரிந்த சமையல் உப்பைக் கரைத்து மேலே ஊற்றி, நன்றாகக் கலந்து வரும் தூரத்தில் கீழே நின்று, நீரின் மின்கடத்து திறன் ஏறி இறங்குவதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை குறித்துக்கொள்ள வேண்டும். நீர் அதிகமாக ஓடினால் உப்பு அதிகம் நீர்த்துப்போகும். அதிலிருந்து நீரோட்ட அளவைக் கணக்கிட்டு, குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். பழமும் கருவியும் திணறும் கொந்தளிப்பான மலை ஓடையில்தான் உப்பு மிக நன்றாகக் கலக்கும் என்பது இந்த முறையின் சிறப்பு. இப்படி 0.7 என்ற எண்ணே நம் ஓடைக்குச் சரி என்று தெரியவந்தால், அதன் நீரோட்ட அளவு விநாடிக்குச் சுமார் 0.3 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 11 கன அடி.

கடைசியாகக் கூழாங்கல். ஒரே பரல்மேட்டில் கடலை அளவுக் கல்லும் பூசணி அளவுக் கல்லும் கிடக்கும். பத்துக் கல் பொறுக்கி சராசரி எடுத்தால் எந்தப் பத்து என்பதைப் பொறுத்து விடை மாறும். கார்டன் வோல்மன் 1954-இல் தந்த முறையை இன்றும் பரவலாகப் பின்பற்றுகிறார்கள். பரல்மேட்டின் குறுக்கே ஓர் அடி வைத்து, கீழே பார்க்காமல் கையை நீட்டி, கால் கட்டைவிரலின் நுனிக்கு நேரே விரல் முதலில் தொடும் கல்லை எடுக்க வேண்டும். பிறகு அடுத்த அடி, அடுத்த கல், இப்படி 100 கற்கள். பார்த்து எடுத்தால் கண் பெரிதாகவும் அழகாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிடும். பார்க்காமல் எடுத்தாலும் விரல் பெரிய கல்லின் மேல் படவே வாய்ப்பு அதிகம் என்பதால், தொட்டது மணலாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்த கல்லுக்குத் தாவாமல் மணல் என்றே எழுத வேண்டும். பல பேர் பிரித்துப் பொறுக்குவதை விட, எல்லா இடத்திலும் ஒருவரே பொறுக்குவது நல்லது. ஆளுக்கு ஆள் கை மாறும்.

எடுத்த கல்லைப் புரட்டிப் பாருங்கள். அதற்கு மூன்று அச்சுகள் இருக்கும். நீளமானது ஒன்று, அதற்குக் குறுக்கே நடுத்தரமானது ஒன்று, இரண்டுக்கும் செங்குத்தாகத் தடிமன் ஒன்று. அளக்க வேண்டியது நடு அச்சை. ஒரு சல்லடைக் கண்ணில் அந்தக் கல் நுழையுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். நீளமான கல் நெட்டுக்குத்தாக நுழைந்துவிடும், நடு அச்சுதான் தடுக்கும். காலிப்பரில் அளந்து எழுதிவிட்டுக் கல்லை அங்கேயே போட்டுவிடலாம். புதைந்து கிடக்கும் பெரிய கல்லைப் பெயர்க்க வேண்டாம், தெரியும் இரண்டு அச்சுகளில் சிறியதை அளந்தால் போதும். நூறையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் வரும் இடைநிலை அளவை எடுங்கள். நாலைந்து குண்டுக்கற்கள் சராசரியை இழுப்பது போல இடைநிலையை இழுக்க முடியாது.

கல் கீழே போகப் போகச் சிறுப்பதை 1875-இலேயே ஸ்டெர்ன்பெர்க் ரைன் ஆற்றில் அளந்து காட்டியிருக்கிறார். கற்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்வதே காரணம் என்று அப்போது கருதினார்கள். ஆனால் கற்களை உருளைக்குள் போட்டு ஆய்வகத்தில் சுழற்றிப் பார்த்தபோது, கடினமான பாறை வகைகள் ஆற்றில் காணும் அளவுக்கு விரைவாகத் தேய்வதில்லை என்று தெரிந்தது. அப்படியானால் இன்னொரு காரணமும் வேலை செய்ய வேண்டும். சரிவு குறையும்போது பெரிய கல்லை நகர்த்தும் வலு ஆற்றுக்கு இல்லாமல் போகிறது, பெரியவை தங்கிவிடுகின்றன, சிறியவை மட்டும் மேற்கொண்டு போகின்றன. இதை ஆறு செய்யும் தரம்பிரிப்பு என்று சொல்லலாம். உங்கள் ஆற்றில் எது மேலோங்குகிறது என்று அறிய, அளவோடு கல்லின் உருட்சியையும் பாறை வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். தேய்மானம் பெரிதாக இருந்தால், சிறுத்த கற்கள் நன்றாக உருண்டிருக்கும், மென்மையான பாறை வகைகள் சீக்கிரம் காணாமல் போகும். அளவு மட்டும் குறைந்து மற்றவை அப்படியே இருந்தால் தரம்பிரிப்பைச் சந்தேகிக்கலாம்.

வரிசை திடீரென்று முறிந்தால் அதையும் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். கிளையாறு ஒன்று கூர்முனை மாறாத புதுக் கற்களைக் கொண்டுவந்து கொட்டியிருக்கலாம், அதற்குக் கீழே கல் மறுபடி பெரிதாகும். அணைக்குக் கீழேயும் கல் பெரிதாகத் தெரியும். மேலிருந்து வரும் வண்டலும் மணலும் தேக்கத்தில் தங்கிவிட, வெறும் நீர் பாய்ந்து படுகையிலிருந்த சிறு கற்களை அள்ளிப் போய்விடும், நகர்த்த முடியாத பெரிய கற்கள் மட்டும் கவசம் போலப் படுகையை மூடிக்கிடக்கும். பாறையே படுகையாக உள்ள பகுதியிலும், முழுக்க மணலாகிவிட்ட சமவெளிப் பகுதியிலும் வோல்மன் முறை பொருந்தாது. அந்தப் பகுதிகளைக் கூழாங்கல் கணக்கிலிருந்து விட்டுவிட்டு, விட்ட காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

அகலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் இறங்கி அளக்கக் கூடிய குறைந்த நீர், ஆற்றின் வடிவத்தை உருவாக்கிய நீர் அல்ல. படுகையை அமைத்ததும் கல்லை உருட்டியதும் கரை நிறைய ஓடிய வெள்ளம். ஆகவே நீர் நிற்கும் அகலத்தோடு, கரை நிறை அகலத்தையும் அளந்துகொள்ள வேண்டும். நிலையான புல்லும் மரமும் தொடங்கும் கோடு, கரையின் சரிவு சட்டென்று தட்டையாகும் இடம் ஆகியவை அதற்கு அடையாளம். நீரோட்டம் அணைக் கதவுகளுக்குக் கட்டுப்பட்ட ஆற்றில், அன்றைய நீரின் அகலத்தை விட இந்த அகலமே இயற்கையான போக்கை நம்பகமாகக் காட்டும்.

எல்லா இடங்களையும் அளந்து முடித்தபின், நீரோட்ட அளவைக் கிடை அச்சில் வைத்து நான்கையும் வரையுங்கள். அகலமும் ஆழமும் ஏறும் என்று எதிர்பார்க்கலாம். வேகம் ஏறாவிட்டால் உடனே லியோபோல்டு தவறு என்றோ உங்கள் அளவை தவறு என்றோ முடிவு கட்ட வேண்டாம். அவர் காட்டியது பல ஆறுகளின் சராசரிப் போக்கு, எந்த ஒரு ஆற்றையும் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. முதலில் சங்கமக் கணக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவந்தால் அளவையை நம்பலாம். அடுத்து, ஒவ்வோர் இடத்திலும் கல்லின் இடைநிலை அளவைச் சராசரி ஆழத்தால் வகுத்துச் சார்புச் சொரசொரப்பைக் கணக்கிடுங்கள். அது கீழ்நோக்கிக் குறைந்தும் வேகம் கூடவில்லை என்றால், சரிவு மிக வேகமாகக் குறைந்திருக்க வேண்டும். அதை அடுத்த முறை மட்டக்கருவி கொண்டு அளந்து உறுதி செய்யலாம். சொரசொரப்பே குறையவில்லை என்றால், மேலே அணையோ புதிய கிளையாறோ மணல் அள்ளியதோ கல்லின் வரிசையைக் கலைத்திருக்கலாம். வேகம் கூடாததற்கான காரணத்தை அங்கேதான் தேட வேண்டும்.